கேள்வி-பதில்: நாலு பெட்டிக்குள் ஒரு தசை

கேள்வி: சேர், தசைகளைப் பற்றிய விரிவுரை நடக்கும்போதே அட்டவணையை நிரப்பிக்கொண்டு போகலாமா?
– மருத்துவபீட மாணவி, உக்குவளை

பதில்: வேண்டாம். வகுப்பில் எலும்பை வரையுங்கள்; தசை எங்கே தொடங்கி எங்கே போய்ப் பொருந்துகிறது என்று அதன்மேல் ஒரு கோடு இழுங்கள். தெளிவாகக் கேட்காத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். அன்றிரவே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அட்டவணை எழுதுங்கள். தொடங்கும் இடமும் பொருந்தும் இடமும் முதலில், நரம்பு அடுத்து, செயல் கடைசியில். செயலைப் பார்த்து எழுதாதீர்கள். முதல் இரண்டு பெட்டிகளிலிருந்து நீங்களே கண்டுபிடித்து எழுதி, பிறகு புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: கண்டுபிடிப்பதா, எப்படி? டெரீஸ் மைனரும் டெரீஸ் மேஜரும் பக்கத்துப் பக்கத்திலே கிடக்கின்றன. எனக்கு எப்போதும் மாறிப்போகிறது.
– அதே மாணவி

பதில்: இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்.

| தசை | தொடக்கம் | பொருந்துமிடம் | நரம்பு | செயல் |
|---|---|---|---|---|
| டெரீஸ் மைனர் | தோட்பட்டை எலும்பின் வெளியோரம், பின்புறம் | மேற்கை எலும்பின் பெரிய புடைப்பு, கீழ்முகம் | ஆக்சிலரி | கையை வெளிப்புறம் சுழற்றும் |
| டெரீஸ் மேஜர் | அதே எலும்பின் கீழ்மூலை, பின்புறம் | மேற்கை எலும்பின் முன்புறப் பள்ளத்தின் உள்விளிம்பு | கீழ் சப்ஸ்கெபியூலர் | கையை உட்புறம் சுழற்றும், உடலோடு சேர்க்கும் |

தொடக்கம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் இரண்டாவது பெட்டியில் இருக்கிறது. மைனர் மூட்டுக்குப் பின்னாலேயே போய்ப் பொருந்துகிறது. சுருங்கினால் எலும்பின் பின்பக்கத்தை இழுக்கும், கை வெளியே திரும்பும். மேஜர் எலும்பைச் சுற்றி முன்னால் வந்துவிடுகிறது. சுருங்கினால் கை உள்ளே திரும்பும். இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டால் மாறாது.

கேள்வி: நண்பனின் குறிப்பில் சுப்ராஸ்பைனேட்டஸ் ‘அடக்ஷன்’ செய்யும் என்றிருக்கிறது, என்னுடையதில் ‘அப்டக்ஷன்’. யார் சரி?
– மாணவன், இரத்தோட்டை

பதில்: நீங்கள்தான். இது காது செய்கிற பிழை. ஒரு மெய்யெழுத்துத் தப்பினால் செயல் தலைகீழாகிவிடும். பல விரிவுரையாளர்கள் இதற்காகவே ‘ஏ-பீ-டக்ஷன்’, ‘ஏ-டீ-டக்ஷன்’ என்று எழுத்துக்கூட்டிச் சொல்கிறார்கள். சோதிக்கும் வழியும் உண்டு. இந்தத் தசை தோள்மூட்டுக்கு மேலாகக் கடந்து பெரிய புடைப்பின் மேல்முகத்தில் பொருந்துகிறது. மேலாகக் கடப்பதால் கையை விலக்கித் தூக்கத்தான் முடியும், உடலோடு சேர்க்க முடியாது.

கேள்வி: டெல்டொயிட்டின் செயல் ஒரு பெட்டிக்குள் அடங்குவதில்லையே?
– மாணவி, மாத்தளை

பதில்: அடக்க வேண்டாம், அந்த வரிசையை மூன்றாகப் பிரியுங்கள். முன்நார்கள் கையை முன்னே கொண்டுபோய் உட்புறம் சுழற்றும், நடுநார்கள் பக்கவாட்டில் தூக்கும், பின்நார்கள் பின்னே இழுத்து வெளிப்புறம் சுழற்றும். மூன்றையும் ஒரே பெட்டியில் கொட்டினால் ஒரே தசை இரண்டு பக்கமும் சுழற்றுவதாக எழுதிவைத்து நீங்களே குழம்புவீர்கள்.

கேள்வி: அட்டவணை சொல்லாதது எது?
– ஆசிரியர், நாவுல

பதில்: செயல் பெட்டி, தசை தொடங்கும் இடம் அசையாமல் நிற்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் பக்கத்தில் மிளகு பறிக்க மரமேறுகிறவரைப் பாருங்கள். கை கிளையைப் பிடித்து நிலையாக நிற்கிறது, உடல்தான் மேலே போகிறது. லட்டிசிமஸ் டோர்சி தசை முதுகிலிருந்து கையை இழுப்பதாக அட்டவணை சொல்லும். அங்கே அதே தசை முதுகைக் கையை நோக்கி இழுக்கிறது.

கேள்வி: நரம்புப் பெட்டியைப் பாடமாக்கவே முடியவில்லை, சேர்!
– முதலாமாண்டு மாணவன், பேராதனை (ஊர் தம்புள்ளை)

பதில்: தசை தசையாகப் படிப்பதால்தான். 1858இல் வந்த ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல், நரம்பையும் செயலையும் ஒரு தசைக்கூட்டத்தை விவரித்து முடித்த பிறகு சேர்த்துத்தான் சொல்கிறது. நீங்களும் நரம்புப் பெட்டியை மேலிருந்து கீழாகப் படியுங்கள். சுப்ராஸ்கெபியூலர் நரம்புக்குச் சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ். ஆக்சிலரிக்கு டெல்டொயிட், டெரீஸ் மைனர். பொருந்தாத ஒன்று வந்தால் நிறக்கோடு போடுங்கள். முன்கையின் பிரேக்கியோரேடியாலிஸ் முழங்கையை மடக்கும், ஆனால் அதன் நரம்பு பின்பக்கத் தசைகளுக்கான ரேடியல்.

இப்படிப் படித்தால் நோயாளியும் புரிவார். தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து தோள் முன்பக்கமாகக் கழன்ற ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். ஆக்சிலரி நரம்பு அடிபட்டிருந்தால் கையைப் பக்கவாட்டில் தூக்கும் பலம் குறையும், வெளிப்புறச் சுழற்சியும் தளரும், தோளின் வெளிப்பக்கத் தோலில் உணர்வு மங்கும். நரம்பை ஒரே ஒரு வரிசையில் எழுதியிருந்தால் பாதிதான் தேடுவீர்கள். உங்கள் அட்டவணையில் ஆக்சிலரி என்ற பெயர் ஒரு தசைக்கு எதிரில் மட்டும் இருந்தால், இன்றிரவே திருத்திவிடுங்கள்.