அழ வேண்டாம், சாக்கைப் பிடித்தால் போதும்

தங்கச்சி மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த ஸ்கிரிப்டின் முதல் காட்சி இது: ஏரிக்கரையில் ஒரு கிழவி, கண்ணில் நீர், பின்னணியில் வயலின். அடுத்தது செத்து மிதக்கும் மீன். அதற்கடுத்து கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: “கொன்றது யார்? நீ!”

ஏரியை ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்ய ஆள் சேர்க்கும் வீடியோவாம். இதைப் பார்த்துவிட்டு எங்கள் ஏரியூரில் யார் வருவார்கள்? இன்ஸ்பெக்டர் வேண்டுமானால் வருவார்.

“கிழவிக்கு ஆள் யாருடா?”

“நம்ம ஆயாதான் மாமா. கிளிசரின் எல்லாம் எதுக்கு, ஒரு வெங்காயம் குடுத்தா போதும்னு சொல்லிடுச்சு.”

பையனைக் குறை சொல்ல முடியாது. இந்த அழுகைக்கு அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. 1971-இல் அமெரிக்காவில் ஒரு விளம்பரம் வந்தது. பூர்வகுடி மனிதர் ஒருவர் குப்பை மிதக்கும் ஆற்றில் படகில் வருகிறார். கரையேறியதும், காரில் போகிறவர் வீசிய குப்பைப் பொட்டலம் அவர் காலடியில் விழுந்து சிதறுகிறது. ஒரு சொட்டுக் கண்ணீர். உலகப் புகழ் பெற்ற விளம்பரம் அது. அழுத நடிகரின் பெற்றோர் இத்தாலியிலிருந்து போனவர்கள் என்பது பிறகு தெரிந்தது. விளம்பரத்தைக் கொடுத்த அமைப்பைத் தொடங்கியவர்களில், தூக்கியெறியும் டப்பாவும் பாட்டிலும் செய்கிற கம்பெனிகளும் உண்டு. பாட்டில் விற்றவர் இருக்க, பார்த்தவன் வெட்கப்பட்டான்.

ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளருக்கு இந்த விளம்பரத்தில் வேறொரு கோளாறு தெரிந்தது. குப்பை போடாதே என்று வாய் சொல்கிறது. எல்லோரும் போடுகிறார்கள் என்று படம் சொல்கிறது. மனிதன் படத்தைத்தான் நம்புவான். அரிசோனாவில் மரங்கள் கல்லாகிக் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று உண்டு. வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். சியால்டினி குழு பாதையோரம் அடையாளமிட்ட துண்டுகளைப் போட்டு, இரண்டு விதமாகப் பலகை வைத்துப் பார்த்தது. “எடுக்காதீர்கள்” என்று மட்டும் சொன்ன பலகையின்போது நூற்றுக்கு இரண்டு துண்டுகூடக் காணாமல் போகவில்லை. “முன்பு வந்த பலரும் எடுத்துப் போனதால் காட்டின் இயல்பே மாறிவிட்டது” என்று புலம்பிய பலகையின்போது நூற்றுக்கு எட்டு போயிற்று. பலரும் எடுத்திருக்கும்போது நாம் மட்டும் என்ன இளிச்சவாயர்களா?

ஆக, “ஊரே கொட்டுது பாருங்க” என்று நாற்பது நொடி குப்பையைக் காட்டினால், கொட்ட இடம் தேடிக்கொண்டிருப்பவருக்கு விலாசம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அதற்கு மாற்றாகப் பையனுக்கு நான் அனுப்பிய மாதிரிப் படம் 2019 மார்ச்சில் உலகம் சுற்றியது. அல்ஜீரியாக்காரப் பையன் ஒருவன் குப்பைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான். கீழே அதே இடம், அதே பையன், சுத்தமான தரை, பக்கத்தில் கட்டி வைத்த மூட்டைகள். அமெரிக்காவில் ஒருவர் அதை எடுத்து, சும்மா இருந்து சலித்துப்போன பிள்ளைகளுக்கு ஒரு சவால் என்று முகநூலில் போட்டார். கண்ணீர் இல்லை, குற்றவாளி இல்லை. வேலைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கிறது, அது ஓர் ஆள் செய்கிற அளவுதான் என்பது பார்த்ததுமே புரிகிறது. ஊர் ஊராகப் பிள்ளைகள் மூட்டை கட்டக் கிளம்பினார்கள்.

அப்படி எடுக்கக் கொஞ்சம் நேர்மையும் ஒரு செங்கல்லும் வேண்டும். செங்கல், நிற்கிற இடத்தை அடையாளம் வைக்க. ‘முன்’ படத்தையும் ‘பின்’ படத்தையும் அதன் மேல் நின்றே எடுக்க வேண்டும். போன் நெஞ்சு உயரத்தில், ஜூம் எதுவும் தொடாமல். இரண்டிலும் அசையாத பொருள் ஒன்று தெரிய வேண்டும். மதகு இருந்தால் மதகு, இல்லையென்றால் புளியமரம். அப்படி ஒன்று தெரியாவிட்டால் இது வேறு ஏரி என்று டீக்கடையில் ஒருவர் நிரூபித்துவிடுவார். வெளிச்சமும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘முன்’னை உச்சி வெயிலிலும் ‘பின்’னைச் சாயங்காலச் சிவப்பிலும் எடுத்தால் ஒரு தாளைக்கூடப் பொறுக்காமலே ஏரி ஊட்டியாகிவிடும்.

இதைவிடப் பெரிய ஏமாற்று உண்டு. மே மாதம் வறண்ட ஏரியை எடுத்து வைத்து, ஐப்பசி மழையில் நிரம்பியதும் ‘பின்’ எடுப்பது. குப்பை தண்ணீருக்கு அடியில் சௌக்கியமாக இருக்கும், பெயர் நமக்கு. அதனால் இரண்டும் ஒரே நாளில், வேலை தொடங்குமுன் ஒன்று, முடிந்ததும் ஒன்று. காட்டுவது ஏரி முழுக்க அல்ல, அன்று சுத்தம் செய்த முப்பதடிக் கரை.

“முழு ஏரியும் காட்டினாத்தானே மாமா கெத்து?”

முழு ஏரி வேறு கதை. கஜா புயலுக்குப் பிறகு 2019-இல் பேராவூரணிப் பெரிய ஏரியைக் கைஃபா என்ற விவசாயிகள், இளைஞர்கள் அமைப்பு தூர்வாரியது. 564 ஏக்கர். அங்கே மண் அள்ளியது இயந்திரங்கள். கூடவே பணமும் அனுமதியும் வேண்டும். நம் கைக்கு எட்டுவது பிளாஸ்டிக், பாட்டில், துணி, செருப்பு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால், ஏரியே ஆழமாகிவிடும் என்று நம்பி வந்தவர் அடுத்த வாரம் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்.

வருகிறவருக்கு அங்கே என்ன வேலை என்பதையும் காட்டியாக வேண்டும். தண்ணீரில் ஊறிய பைக்குள் சேறு இருக்கும்; நல்ல சாக்கில் போட்டால் நாலு பேர் சேர்ந்தும் தூக்க முடியாது. வெங்காயம் வருகிற வலைச் சாக்கில் போட்டால் தண்ணீர் வடிந்துவிடும். (ஆயாவின் வெங்காயம் அந்த வகையில் உபயோகப்பட்டது.) கண்ணாடிக்குத் தனி வாளி. அப்புறம் யாரும் தொடத் தயங்குகிற பழைய சாமி படங்கள், கண்ணாடி உடைந்து, பொட்டு அழியாமல், பாதி புதைந்து கிடக்கும். இளவட்டங்கள் அதன் பக்கமே போக மாட்டார்கள். அதற்கு ஒரு பெரியவர் வேண்டும். முழங்கால் வலி என்பவருக்குச் சாக்கின் வாயைப் பிடிக்கிற வேலை. அது இல்லாமல் எந்த மூட்டையும் நிறையாது.

கடைசியில் ஸ்கிரிப்ட் இப்படி நின்றது. ‘முன்’ மூன்று நொடி, பேச்சில்லாமல். பிறகு கைகள்: வலைச் சாக்கு, வாளி, முடிச்சு. நடுவில் யாரோ சேற்றில் வழுக்கி உட்கார, எல்லோரும் சிரிக்கிறார்கள், அதை வெட்டவில்லை. ‘பின்’ ஆறு நொடி, மூட்டைகளும் ஆட்களும் சேர்த்து. மேலே பையனின் குரல்:

“இது ரெண்டு மணி நேர வேலைங்க. வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணி, மதகுக்கிட்ட. கையுறை இருக்கு, செருப்புக்குப் பதிலா பழைய ஷூ போட்டுட்டு வாங்க. குனிய முடியாதவங்க சாக்கு பிடிக்கலாம். தூர் வாருறது இல்ல, கரைக் குப்பை மட்டும்தான். எட்டு மணிக்குக் கம்மங்கூழ். வர முடியலைன்னா பரவால்ல, அடுத்த வாரமும் இருக்கோம்.”

அந்தக் கடைசி வரிக்குத்தான் சண்டை. அப்படிச் சொன்னால் எல்லோரும் அடுத்த வாரம் என்றுதான் சொல்வார்கள் என்றான். சிலர் சொல்லட்டும், வரவில்லை என்று கூசி, நம்மைக் கண்டால் சந்து மாறிப் போகிறவரைவிட அடுத்த வாரம் என்கிறவர் மேல் என்றேன்.

வீடியோ ஸ்டேட்டஸ்களில் ஏறி, எங்கள் பக்கத்துச் சரக்கெல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற பெங்களூருக்கும் போய்விட்டது. அங்கே கட்டட வேலையில் இருக்கும் நம்மூர்ப் பசங்களிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்: “அண்ணா, இப்ப லீவு இல்ல. பொங்கலுக்கு வர்றோம். எங்களுக்குக் கொஞ்சம் குப்பை மிச்சம் வைங்க.”

அதைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று பதில் போட்டேன்.