புரொபோசல்காரர்

புத்தகம் எழுதி முடித்தவர், எழுதிக்கொண்டிருப்பவர் என்ற இரண்டு வகையினரை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மூன்றாவது வகை புரொபோசல்காரர். இவர் புத்தகம் எழுதுவதில்லை. எழுதப்போகும் புத்தகத்தைப் பற்றி எழுதுகிறார். ஆங்கிலப் பதிப்புலகில் இதற்கு முறையான இடம் உண்டு. புதிய எழுத்தாளரின் நாவல் என்றால் முழுப் பிரதியையும் கேட்பார்கள். வரலாறு, வாழ்க்கை வரலாறு, பயணம், அறிவியல் போன்றவற்றுக்கு முப்பது, நாற்பது பக்கத்தில் ஒரு முன்மொழிவும் ஒன்றிரண்டு மாதிரி அத்தியாயங்களும் இருந்தால் பேச்சுவார்த்தை தொடங்கிவிடும். அதே தாள்களைத் தமிழ்ப் பதிப்பாளர் மேஜையில் வைத்தால், "முழுசா எழுதிட்டுக் கொண்டாங்க சார், பாத்துக்கலாம்" என்ற பதிலே பெரும்பாலும் வரும். அதனால் இவ்வகையினர் ஆங்கிலத்தில்தான் அதிகம் தென்படுகிறார்கள்.

இவ்வகைக்கு நல்ல மாதிரி, நங்கநல்லூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர் ஒருவர். 2018-இல் பணி ஓய்வு. அடுத்த வாரமே புரொபோசல். பொருள், பாம்பன் ரயில் பாலம். பொருளில் குறை சொல்ல முடியாது. 1914-இல் திறக்கப்பட்ட பாலம். கப்பல் வந்தால் இரண்டு கைகளைப் போல மேலே தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் தூக்குப் பகுதி. 1964 டிசம்பர் புயலில் கர்டர்களில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோன கதை. அதை மீட்டெடுக்கும் வேலையை இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் முடித்த கதை. இதைக் கேட்கும் எந்த எடிட்டரும் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். சிக்கல், அவர் நிமிர்ந்த பிறகு கையில் கொடுக்கப்படும் காகிதத்தில் தொடங்குகிறது.

புரொபோசலின் முதல் இரண்டு பக்கம் நூலின் சுருக்கம். இது எதைப் பற்றிய புத்தகம், ஏன் இப்போது, ஏன் இவர் எழுத வேண்டும் என்ற மூன்றுக்கும் அங்கே பதில் இருக்க வேண்டும். நங்கநல்லூர்க்காரர் இங்கே ராமாயணத்தில் தொடங்கி, ஆதம் பாலத்தின் மணல் திட்டுகளைக் கடந்து, நான்காம் பக்கத்தில் ரயிலைக் கொண்டுவந்தார். பாம்பன் என்ற சொல் ஐந்தாம் பக்கத்தில் வந்தது. எடிட்டர் அதற்கு முன்பே இறங்கிவிட்டிருப்பார்.

இவர் உள்ளம் மலர்வது சந்தைப் பகுப்பாய்வில். யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர் கேட்கிறார். இவர் பெருக்கல் வாய்ப்பாட்டை எடுக்கிறார். முதல் வரைவில் இருந்த கணக்கு இது: இந்திய ரயில்களில் ஒரு நாளைக்கு இரண்டு கோடிப் பேர் பயணம் செய்கிறார்கள், அவர்களில் நூற்றுக்கு ஒருவர் வாங்கினாலே இரண்டு லட்சம் பிரதி. "இது ஒரு நாள் பயணிகள் மட்டும்" என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு வேறு. நூற்றுக்கு ஒருவர் என்பது அடக்கமான எண் போலத் தோன்றுவதுதான் இதிலுள்ள பொறி. அந்த ஒருவர் ஏன் வாங்குவார், எந்தக் கடையில் பார்ப்பார், அவருக்கு இப்படி ஒரு புத்தகம் வந்திருப்பதை யார் சொல்வார் என்ற எதற்கும் அதில் விடை இல்லை. பயணிகளில் பெரும்பாலோருக்கு அன்று தேவை ஒரு ஜன்னலோர இருக்கை. பாலத்தின் வரலாறு அல்ல. இந்தியாவில் ஆங்கிலக் கட்டுரை நூல் சில ஆயிரம் பிரதி விற்றாலே பதிப்பாளர் நல்ல முகத்தோடு போனை எடுப்பார். இரண்டு லட்சம் என்று பார்த்தால் மீதியைப் படிக்க மாட்டார்.

வரைவைப் படித்த நண்பர் ஒருவர், பதிப்பகத்தில் வேலை பார்த்தவர், பெருக்கலை விட்டுவிட்டுக் கூட்டலுக்கு வரச் சொன்னார். வாங்கக்கூடியவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் எட்டும் வழியை அதன் பக்கத்திலேயே எழுதுவதுதான் முறை. ரயில் பித்தர்கள் முதல் குழு: எஞ்சின் எண்ணை மனப்பாடமாகச் சொல்பவர்கள், ஆண்டுதோறும் கூடுபவர்கள். ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர்கள் இரண்டாவது: சங்கம் உண்டு, செய்தி மடல் உண்டு, மடலில் அரைப் பக்கம் தரச் செயலாளர் சம்மதித்திருக்கிறார். சிவில் பொறியியல் கல்லூரிகள் மூன்றாவது: இவர் ஏற்கெனவே ஆண்டுக்கு ஐந்தாறு உரை நிகழ்த்துகிறார், உரை முடிந்ததும் வாசலில் மேஜை போடலாம். ராமேஸ்வரம் போய்வரும், வரலாறு படிக்கும் பயணிகள் நான்காவது. இவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல முடியாது, ஆகையால் கடைசி. சங்க உறுப்பினர் எண்ணிக்கையைச் செயலாளரிடம் போன் போட்டுக் கேட்டு எழுதினார். கோடியில் இருந்த எண் ஆயிரத்துக்கு இறங்கியது. புரொபோசலில் நம்பக்கூடிய முதல் எண் அதுதான். அவருக்கு மட்டும் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்து ஒப்பீட்டு நூல்கள். தொழிலில் இருப்பவர்கள் 'காம்ப்' என்பார்கள். இதே வாசகர் இதற்கு முன் காசு கொடுத்து வாங்கிய நான்கைந்து புத்தகங்களைப் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலையோடு கொடுத்து, அவற்றோடு தன் நூல் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று இரண்டிரண்டு வரி எழுத வேண்டும். பொதுவாகக் கடைசி ஐந்து ஆண்டுக்குள் வந்தவையாக இருக்க வேண்டும். எடிட்டர் அந்தப் பெயர்களை விற்பனைத் தரவில் தட்டிப் பார்த்து, அதை வைத்தே எத்தனை பிரதி அச்சிடலாம், எவ்வளவு முன்பணம் தரலாம் என்று உள்ளே கணக்குப் போடுவார். அதாவது இது வக்கீலின் வாதமல்ல, வீட்டு விலை கேட்பவருக்குப் பக்கத்து மனை எவ்வளவுக்குப் போனது என்று சொல்வது.

புரொபோசல்காரர் இங்கே இரண்டு திசையில் தவறுவார். ஒன்று, "இதுபோல் ஒரு புத்தகம் இதுவரை வந்ததே இல்லை" என்று எழுதுவது. ஆசிரியருக்கு இது பெருமை. பதிப்பாளருக்கோ, கடைக்காரர் எந்த அலமாரியில் வைப்பார் என்று தெரியாத சரக்கு. இன்னொன்று, மலையோடு மோதுவது. நங்கநல்லூர்க்காரரின் முதல் பட்டியலில் டேவிட் மெக்கல்லோ புரூக்ளின் பாலத்தைப் பற்றி எழுதிய நூல் இருந்தது. அருமையான நூல்தான். ஆனால் அது வந்தது 1972-இல். நியூயார்க் பாலத்தைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் விற்றது, இன்று சென்னையிலும் டெல்லியிலும் எத்தனை விற்கும் என்று சொல்லாது. அதன் பக்கத்தில் யுவால் நோவா ஹராரியின் சேப்பியன்ஸ். ஏன் என்று கேட்டதற்கு, "அதுவும் வரலாறுதானே" என்றார்.

திருத்திய பட்டியல் உண்மையில் நன்றாக வந்தது. கிறிஸ்டியன் வோல்மர் எழுதிய ரயில்வேஸ் அண்ட் த ராஜ் (2017), பிபேக் தேப்ராயும் மற்றவர்களும் சேர்ந்து எழுதிய இந்தியன் ரயில்வேஸ் (2017), கடலையும் மழையையும் வைத்து ஆசியாவின் வரலாற்றைச் சொன்ன சுனில் அம்ரித்தின் அன்ரூலி வாட்டர்ஸ் (2018). முதல் இரண்டும் நாடு முழுக்க ஓடும் ரயிலைப் பார்க்கின்றன. இந்த நூல் இரண்டு கிலோமீட்டர் கடலை மட்டும் பார்க்கிறது. மூன்றாவது, ரயிலே பிடிக்காத வாசகரையும் புயல் வழியாக உள்ளே இழுக்கலாம் என்பதற்குச் சாட்சி. இதைவிடப் பொருத்தமான விளக்கம் தேவையில்லை. ஆனால் இவர் அதை மெருகேற்றத் தொடங்கினார். ஒப்பீட்டு நூல்களுக்கும் பால் பாக்கெட்டைப் போல ஒரு தேதி உண்டு என்பதை மறந்தார். மெருகு முடிந்தபோது 2023. பட்டியலில் பெரும்பகுதி காலாவதி.

தன்னைப் பற்றிய பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இவர் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து தொடங்கியிருந்தார். தூக்குப் பகுதியைப் பராமரித்த குழுவில் தான் மூன்று ஆண்டு இருந்ததை, கடைசிப் பத்தியில், ஷட்டில் கோப்பைக்கு அடுத்த வரியில் வைத்திருந்தார். அந்த ஒரு வரிதான் மேலே வர வேண்டியது.

மாதிரி அத்தியாயத்தில்தான் எடிட்டருக்கு உண்மை தெரியும். மற்றதெல்லாம் ஆசிரியர் கொடுக்கும் வாக்குறுதி; இது அவர் சமைத்துக் காட்டுவது. எந்த அத்தியாயத்தை அனுப்புவது என்பதிலேயே பாதி தீர்ந்துவிடும். புரொபோசல்காரர் முதல் அத்தியாயத்தை அனுப்புவார், அது முதலில் வருவதால். பெரும்பாலான முதல் அத்தியாயங்கள் முன்னுரையின் தம்பி. இவருடைய அத்தியாயம், "பாலம் என்பது இரு நிலப்பகுதிகளை இணைக்கும் கட்டுமானம்" என்று தொடங்கியது. அடுத்து வந்தது உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பது பற்றிய பதினோரு பக்கம், வரைபடங்களுடன்.

நண்பர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நீங்க வேலையில இருந்தப்போ அந்தப் பாலம் எப்படித் திறக்கும்?" இவர் எழுந்து நின்று, கைகளை நீட்டி, கண்ணுக்குத் தெரியாத நீண்ட நெம்புகோல் ஒன்றைத் தள்ளிக்கொண்டு கூடத்தில் வட்டமாக நடந்து காட்டினார். மின்சாரம் இல்லை, ஆட்கள் சேர்ந்து கையால் சுற்றுவார்கள், பல்சக்கரம் நகரும், கடலுக்கு மேல் இரும்பு மெல்ல எழும், காற்று வேகமாக இருந்தால் வேலையே நடக்காது என்று சொல்லிக்கொண்டே மூன்று சுற்று வந்தார். நண்பர், "இதை எழுதுங்க, துருவை அஞ்சாவது அத்தியாயத்துல வெச்சுக்கலாம்" என்றார். எழுதினார். சுமார் பதினைந்து பக்கம். கையால் சுற்றும் மனிதர்களில் தொடங்கி, 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை நெருங்கிய பயணி ரயிலை அலை விழுங்கியது வரை. புயலில் பாலத்தின் பெரும்பகுதி போன பின்னும் அந்தத் தூக்குப் பகுதி நின்றது என்ற இடத்தில் அத்தியாயம் முடிந்தது. படிக்கும் எடிட்டர் அடுத்த அத்தியாயத்தைக் கேட்பார் என்பதற்கு அது போதும். இவருடைய எல்லா வரைவுகளிலும் புத்தகம் என்று சொல்லத்தக்கது அந்தப் பதினைந்து பக்கந்தான்.

கடைசியாக, முழுப் பிரதியை எப்போது தருவீர்கள், எத்தனை சொல் என்ற இரண்டு வரி. எண்பதாயிரம் சொல் என்று எழுதுவதில் இவருக்குச் சிரமமில்லை. தேதிதான் வரவில்லை. ஒப்பந்தத்திலிருந்து பதினெட்டு மாதம் என்று போட்டு, இருபத்துநான்காக்கி, மறுபடி பதினெட்டாக்கினார். சமையலறையிலிருந்து மனைவி, "ஸ்ரீதரன் பாலத்தையே நாப்பத்தாறு நாள்ல நிமித்திட்டாருங்க" என்றார். அவர் புரொபோசலின் எல்லா வரைவுகளையும் தட்டெழுத்துப் பிழைக்காகப் படித்தவர்.

இதற்கிடையில் பாலமே மாறிவிட்டது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. பக்கத்திலேயே நடுப்பகுதி மின்தூக்கி போல் நேராக மேலே எழும் புதுப் பாலம் ஒன்று வேலை தொடங்கி, வளர்ந்து, 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. "ஏன் இப்போது" என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எந்தப் புரொபோசலுக்கும் கிடைக்காது. திறப்பு விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்த நங்கநல்லூர்க்காரர், மாதிரி அத்தியாயத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒப்பீட்டு நூல்களை மட்டும் மாற்றினால் ஒரு வாரத்தில் அனுப்பிவிடலாம் என்று வீட்டில் சொன்னார். பிறகு கணினியைத் திறந்து, `Proposal_Final_7_REVISED.docx` என்ற கோப்பை மூடிவிட்டு, புதுப் பாலத்துக்குத் தனியாக ஓர் அத்தியாயம் வேண்டுமே என்று யோசித்து, உள்ளடக்கப் பக்கத்தை முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தார்.