முதல் தோசை வழக்கு

அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோசை வார்ப்பது அத்தான். முதல் தோசையை அக்கா தட்டில் வைத்தார். "கல்லு காஞ்சிருச்சான்னு பார்க்க நான்தான் கிடைச்சேனா?" அடுத்ததை எனக்கு வைத்தார். "நல்ல தோசைன்னா தங்கச்சிக்கு அப்புறம்தான் பொண்டாட்டியா?" அத்தான் ஜெயிக்க வழியே இல்லை. கல்யாணமான புதிதில் இவர் கருக்கிய தோசையை, 'முறுகல்' என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் இவள்!

தோசை அதேதான், தீர்ப்புதான் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. ஒருவர்மேல் படிந்துபோன கசப்பு, அவர் இப்போது செய்வதையும் மூடி மறைத்துவிடும் என்று 1980-இல் எழுதினார் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் வைஸ். அதே ஆண்டு ராபின்சன், பிரைஸ் என்ற இருவர் தம்பதிகளின் வீடுகளுக்கே ஆள் அனுப்பி, ஒருவருக்கொருவர் செய்த நல்லவற்றைக் குறிக்கச் சொன்னார்கள். தம்பதிகளும் தனியாகக் குறித்தார்கள். மனக்கசப்பில் இருந்தவர்களின் கணக்கில் ஏறியது ஏறக்குறைய பாதிதான். மீதி கண்ணிலேயே படவில்லை.

கண்ணில் பட்டாலும் தப்ப முடியாது. அத்தான் கேஸ் சிலிண்டரை மாற்றினால், "வேற ஆள் இல்லை, செஞ்சாரு." ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டால், "அவரு புத்தியே அப்படி." நல்லது தற்செயல், கெட்டது பிறவிக்குணம்!

"அத்தான் நல்லவர்தானே" என்று வக்கீல் வேலை பார்த்தேன். நானும் எதிரிக் கட்சியாகிவிட்டேன். துருவியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தன் தம்பியின் கடனுக்கு இவளிடம் சொல்லாமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார் அத்தான். பேசித் தீர்க்காத அந்தக் கோபத்துக்குத் தோசை வட்டி கட்டிக்கொண்டிருந்தது.

முதலில் அதைப் பேசினார்கள். "எப்பவுமே என்னை மதிச்சதில்லை" என்று தொடங்கினால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனால் அக்கா ஒரே சம்பவத்தை மட்டும் எடுத்தாள்: "சொல்லாம கையெழுத்துப் போட்டது பயமா இருக்கு. இனி பணம்னா ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணணும்." அத்தானிடம் பதில் வாதம் எதுவும் இல்லை. சரி என்றார்.

அடுத்தது, தினமும் அவர் செய்த ஒரு நல்ல காரியத்தை நோட்டில் எழுதுவது. அக்காவின் முதல் பதிவு: 'தண்ணிக் கேன் தூக்கி வைத்தார், நான் முறைத்ததால்.' பின்பாதியை அடிக்கச் சொன்னேன். கோபம் வரும்போது, இதையே பக்கத்து வீட்டுக்காரர் செய்திருந்தால் என்ன நினைப்பாய் என்றும் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். "அவரு எதுக்கு நம்ம கட்டில்ல துண்டு போடணும்?" என்றாள். நியாயம்தான்.

அடி, மிரட்டல், ஓயாத அவமானம் இருக்கும் வீட்டுக்கு இந்த நோட்டு உதவாது. அங்கே கோளாறு பார்வையில் இல்லை, நடப்பதில் இருக்கிறது.

அக்கா இப்போதும் திட்டுகிறாள். ஆனால் ஈரத்துண்டுக்கு ஈரத்துண்டு அளவுக்குத்தான். மாமியார் குலம்வரை போவதில்லை.