690 ரூபாய் எந்த ஸ்டேஷனில் இறங்கியது?

அனுப்புநர்: ஸ்ரீமுஷ்ணத்து வாடிக்கையாளர் ஒருவர்
பெறுநர்: என் கணக்கு உள்ள வங்கியின் கிளை மேலாளர் அவர்கள்
நாள்: 10.06.2024
பொருள்: ரத்து செய்த ரயில் டிக்கெட்டின் பணம் கணக்கில் சேராதது தொடர்பாக.

ஐயா,

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. விருத்தாசலம் போய்த்தான் ஏற வேண்டும். ஏறாமலே பணத்தைத் தொலைக்கும் வசதி மட்டும் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அந்த வகையில் தங்களுக்கும், டிக்கெட் விற்ற இணையதளத்துக்கும் முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

விவரம் இது. 03.04.2024 அன்று விருத்தாசலம் – கன்னியாகுமரி ஸ்லீப்பரில் மூன்று பேருக்கு டிக்கெட் எடுத்தேன். பயண நாள் மே 10. மூன்றும் கன்ஃபர்ம். கட்டணம் 1,050 ரூபாய். யுபிஐ-யில் கட்டியதற்கு வசதிக் கட்டணம் வரியோடு 11 ரூபாய் 80 பைசா. மே 2-ஆம் தேதி ரத்து செய்தேன். வண்டி புறப்பட 48 மணி நேரத்துக்கு முன்பே செய்துவிட்டதால், ஸ்லீப்பருக்கு உரியபடி தலைக்கு 120 வீதம் 360 ரூபாய் பிடித்தம். வசதிக் கட்டணம் திரும்பாது என்பதும் விதி. ரத்து செய்தவனுக்கு என்ன வசதி என்று நான் கேட்கவில்லை. மீதி 690 ரூபாய். அதைத்தான் கேட்கிறேன்.

இணையதளத்தில் பார்த்தால் ‘பணம் திருப்பப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் இருக்கிறது. பாஸ்புக்கில் பார்த்தால் இல்லை. ரயில்வேயின் பெயரில் வராமல், இடையில் பணத்தை வாங்கிக் கொடுக்கும் கம்பெனியின் பெயரில் வரவாகியிருக்கலாம் என்று மே, ஜூன் மாத வரவுகளை எல்லாம் வரி வரியாகத் தேடினேன். கேஸ் மானியம் இருந்தது. 690 இல்லை. பணம் கட்டிய கணக்குக்கே ரீஃபண்டு திரும்பும். பிரௌசிங் சென்டர்காரர் கட்டியிருந்தால் அவரைப் போய்க் கேட்கலாம். கட்டியது என் கணக்கிலிருந்துதான்.

தங்கள் கிளைக்கு வந்தேன். கவுன்டரில் விருத்தாசலம் பீங்கான் பிள்ளையார் ஒருவர் இருந்தார், அவருக்குப் பக்கத்தில் ‘உதவி தேவையா?’ பலகை, பலகைக்குப் பின்னால் காலி நாற்காலி. நாற்காலிக்கு உரியவர் வந்ததும், “பி.என்.ஆர். சொல்லுங்க சார்” என்றார். பத்து இலக்கத்தையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். அப்புறம், “இது ரயில்வே நம்பராச்சே, எங்க சிஸ்டத்துல வராதே” என்றார். இணையதளத்துக்குப் போன் செய்தேன். “நாங்க அனுப்பிட்டோம், பேங்க்ல கேளுங்க.”

ஐயா, பி.என்.ஆர். வண்டிக்குத்தான் தெரியும், வங்கிக்குத் தெரியாது. வங்கிக்குத் தெரிவது ஆர்.ஆர்.என். என்கிற 12 இலக்க எண். அதிலும் ஏப்ரலில் பணம் போனபோது விழுந்த எண்ணை வைத்துத் தேடினால் பணம் போன கதைதான் வரும். திரும்பி வந்ததாகச் சொல்லப்படும் வரவுக்கு உரிய எண் வேண்டும். அதை இணையதளத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி இத்துடன் இணைத்துள்ளேன். அதைக் கணினியில் போட்டுப் பார்த்தால் மூன்றில் ஒன்று தெரியும்: என் கணக்கில் வரவாகியிருக்கிறது, அல்லது வந்து திரும்பிப் போயிருக்கிறது, அல்லது வரவே இல்லை. எதுவானாலும் எழுத்தில் தரவும். ‘வரவே இல்லை’ என்று முத்திரையோடு ஒரு வரி கிடைத்தால் போதும், அதை வைத்து நான் இணையதளத்தைப் பிடித்துக்கொள்கிறேன். இதுவரை கிடைத்திருப்பது, “ஒரு வாரம் பாருங்க சார்” மட்டும்தான்.

தோல்வியடைந்த பரிவர்த்தனைப் பணத்தைக் குறித்த நாளுக்குள் திருப்பாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டது. ஆசையாகப் படித்தேன். எனக்கு அது பொருந்தாது. என் பரிவர்த்தனை தோற்கவில்லையே! டிக்கெட் எடுத்தது வெற்றி, ரத்து செய்தது வெற்றி, திருப்பி அனுப்பியதும் வெற்றி. பணம் மட்டும் இல்லை.

690 ரூபாய்க்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று நினைக்க வேண்டாம். ராஜஸ்தான் கோட்டாவில் ஒரு பொறியாளர், 2017 ஜூலையில் போக வேண்டிய டிக்கெட்டை ரத்து செய்தபோது சேவை வரி என்று கூடுதலாகப் பிடித்த 35 ரூபாய்க்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுமேல் மனு போட்டார். 2019-இல் 33 ரூபாய் வந்தது. மிச்சம் இரண்டு ரூபாயையும் விடவில்லை, 2022-இல் வாங்கினார். அவர் புண்ணியத்தில் 2.98 லட்சம் பேருக்கு 2.43 கோடி ரூபாய் திரும்பத் தர ரயில்வே ஒப்புக்கொண்டது. நான் அந்த அளவுக்கு வைராக்கியசாலி இல்லை. ஆனால் கடலடியில் போன பூமியையே மீட்டு வந்த பூவராகர் எங்கள் ஊர்க்காரர் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இந்த மனுவுக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று 2021-இல் வந்த திட்டம் சொல்கிறது. ஆகவே பெற்றுக்கொண்டதாக நகலில் தேதியோடு கையெழுத்துப் போட்டுத் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாடிக்கையாளன்

பி.கு.: இது பகிரங்கக் கடிதம் என்பதால் பி.என்.ஆர்., ஆர்.ஆர்.என்., கைப்பேசி எண் மூன்றையும் தனி உறையில் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். ஊரறிய எழுதினால் ஐந்து நிமிடத்தில் “ரீஃபண்டு டிபார்ட்மென்ட்டிலிருந்து பேசுறோம், லிங்க் அனுப்புறோம், பின் நம்பர் போடுங்க” என்று யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். சும்மா சொல்லக் கூடாது, தங்கள் இரு தரப்பையும்விட அவர்கள்தான் வாடிக்கையாளரை உடனே கவனிக்கிறார்கள்.