பைத்தான் பிடுங்கிய அரை மார்க்

ரிட்டையர் ஆன கணக்கு டீச்சருக்கு வரும் பெரிய வியாதி, திருத்துவதற்குப் பேப்பர் கிடைக்காதது. நான் முதலில் மளிகைக்கடை பில்லைத் திருத்தினேன். பிறகு பால்கார அம்மாவின் நோட்டு. வீட்டுக்காரர் சிவப்புப் பேனாவை எடுத்து ஒளித்து வைத்த பிறகுதான் பைத்தான் படிக்க உட்கார்ந்தேன். அதில் தப்பாக எழுதினால் அதுவே சிவப்பில் திட்டும், பேனாச் செலவு மிச்சம்.

என் முதல் புரோகிராம் இரண்டு தேர்வு மார்க்கை வாங்கிக்கொண்டு, சராசரி போட்டு, பாஸா ஃபெயிலா என்று சொல்லும். நம்மூர் வழக்கப்படி 35 எடுத்தால் பாஸ்.

```python
a = float(input("முதல் தேர்வு: "))
b = float(input("இரண்டாம் தேர்வு: "))
m = round((a + b) / 2)
if m >= 35:
    print("பாஸ்")
else:
    print("ஃபெயில்")
```

அந்த `float` சும்மா இல்லை. `input` எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் வாங்கும். எண்ணாக மாற்றாமல் 34-ஐயும் 35-ஐயும் கூட்டச் சொன்னால் 3435 என்று ஒட்டி வைத்துவிடும். அந்தக் கணக்குப்படி போனால் எங்கள் பள்ளி மாநிலத்தில் முதலிடம்தான்.

ஓடுகிற புரோகிராமை யாரிடமாவது காட்ட வேண்டாமா? பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். ஸ்டெப் போடாமல் நேரே விடையை எழுதி மார்க்கைக் கோட்டை விட்டவன். லேப்டாப் முன்னால் அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்ததிலேயே பழைய பாக்கியை வசூலிக்க வந்த களை தெரிந்தது.

நான் 80, 90 என்று கௌரவமான மார்க்காகப் போட்டுக் காட்டப் போனேன். "அது வேணாம் டீச்சர், 80 எடுத்தவன் எப்படியும் பாஸ். தப்பு இருந்தா பார்டர்லதான் மாட்டும்" என்று 35, 35 அடித்தான். பாஸ். 34, 34 அடித்தான். ஃபெயில். நான் காபி கலக்க எழுந்தேன்.

"டீச்சர், 34-ம் 35-ம் எடுத்த புள்ள?"

"சராசரி முப்பத்தி நாலரை. அரையை முழுசாக்கினா 35. பாஸ்."

"உங்க புரோகிராம் ஃபெயில்ங்குதே."

காபி அடுப்பிலேயே நின்றது. என் சர்வீஸில் அரை மார்க்கை முழு மார்க்காக்காமல் ஒரு பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. அவன் இரண்டு வரி அடித்துக் காட்டினான்:

```
>>> round(34.5)
34
>>> round(35.5)
36
```

பைத்தான் 3-இல் சரியாகப் பாதியில் நிற்கும் எண், பக்கத்தில் இருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போகுமாம். 2008-க்கு முன்னால் வந்த பைத்தான் நம்மைப் போலத்தான் மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. ஏன் மாற்றினார்கள் என்று கேட்டேன். பேப்பர் எடுத்து ஸ்டெப் ஸ்டெப்பாகப் போட்டுக் காட்டினான், எட்டாம் வகுப்பில் ஒரு நாளும் செய்யாததை. 34.5-ஐயும் 35.5-ஐயும் கூட்டினால் 70. இரண்டையும் மேலே ஏற்றிவிட்டுக் கூட்டினால் 71. பைத்தான் வழியில் 34-ம் 36-ம் சேர்ந்து அதே 70. லட்சம் எண்களைக் கூட்டுகிறவனுக்கு மேலே ஏற்றிக்கொண்டே போனால் கணக்கு வீங்கிவிடும். நியாயம்தான். ஆனால் நான் கூட்டுவது லட்சம் எண்ணை அல்ல, ஒரு பிள்ளையின் மார்க்கை.

இதில் வேடிக்கை, பாஸ் மார்க் 40 என்று வைத்திருந்தால் இது வெளியே வந்தே இருக்காது. 40 இரட்டைப்படை என்பதால் 39.5 தானாக 40-க்கு ஏறிவிடும். 35 ஒற்றைப்படையாகப் போனதுதான் அந்தப் பிள்ளையின் தலையெழுத்து.

திருத்தம் ஒரே வரி:

```python
m = int((a + b) / 2 + 0.5)
```

`int` பின்னத்தை வெட்டிவிடும். முன்கூட்டியே அரை சேர்த்துவிட்டால் 34.5 முதலில் 35 ஆகி, வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்கும். அரை மார்க், முழு மார்க் வரைக்கும் இது போதும். காசு, வட்டி என்று பைசாக் கணக்குக்குப் போனால் பைத்தானின் `decimal` என்பதைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அது அடுத்த பாடம்.

போகிற போக்கில் பையன் மார்க்குக்குப் பதிலாக `AB` என்று அடித்தான். திரை முழுக்கச் சிவப்பு. "ஆப்சென்ட் ஆன புள்ளைக்கு என்ன டீச்சர் பண்ணுவீங்க?" என்றான். பரீட்சைக்கு முக்கால்வாசி ஆப்சென்ட் ஆனவன் அவன்தான், கேட்கும் தகுதி முழுக்க இருக்கிறது.

உங்கள் பள்ளியிலும் மார்க்கைக் கம்ப்யூட்டர்தான் போடுகிறதென்றால், சராசரி சரியாக 34.5 வருகிற மாதிரி இரண்டு மார்க்கைக் கொடுத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.