டார்கெட் மாலை போடுவதில்லை

சென்னையில் ஏசி சலூன் நடத்தும் எந்த முதலாளியிடமும் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். எட்டு நிமிடம் 'ஸ்டாஃப் மோட்டிவேஷன்' பற்றித்தான் ஓடும். "மாசாமாசம் சம்பளம் வந்துடும்னு தெரிஞ்சா பசங்க சோபாவுல சாஞ்சு ரீல்ஸ் பாக்குறாங்க சார். பசி இருக்கணும். அதுக்குத்தான் இன்சென்டிவ் வெச்சிருக்கேன்" என்பார். பணியாளருக்குப் பசி குறைந்துவிட்டதே என்று இவ்வளவு கவலைப்படும் மனிதரை வேறு எந்தத் தொழிலில் பார்க்க முடியும்?

அந்த இன்சென்டிவ் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஸ்டைலிஸ்டுக்கு மாதச் சம்பளம் 20,000 ரூபாய். டார்கெட் ஐந்து மடங்கு, அதாவது ஒரு லட்சம். அதைத் தாண்டிய தொகையில் 10 சதவீதம் அவருக்கு. கேட்கும்போது தாராளமாகத்தான் இருக்கிறது. அந்த மாதம் அவர் கையால் நடந்த வேலைக்குப் பில் 1,30,000. நின்று நின்று காலில் நரம்பு புடைத்துவிட்டது. ஆனால் 3,000 ரூபாய் கூடுதலாக வரப்போகிறது என்று ஊரில் அம்மாவிடமும் சொல்லிவிட்டார்.

மாதக் கடைசியில் மேனேஜர் எக்செல் ஷீட்டைத் திறக்கிறார். முதலில் ஜிஎஸ்டி போகிறது. 2025 செப்டம்பர் 22-இல் சலூன்களுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததால் இந்த இடத்தில் சேதம் கொஞ்சம் குறைவு, மிச்சம் 1,23,810. வரியைக் கழிப்பது நியாயமும்கூட. அடுத்து 'புராடக்ட் காஸ்ட்': கலர் டியூபுக்கும் கெரட்டினுக்கும் 15,000. மிச்சம் 1,08,810. அப்புறம் மெம்பர்ஷிப் வாடிக்கையாளர்கள். அவர்கள் பணம் கட்டியது போன வருடம். அந்தப் புண்ணியம் அன்று கார்டு விற்றவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்று அவர்களுக்கு முடி வெட்டிய 12,000 ரூபாய் வேலை இவர் கணக்கில் ஏறாது. ஆக, 96,810. டார்கெட்டுக்கு 3,190 ரூபாய் குறைவு. இன்சென்டிவ் பூஜ்யம். "பரவால்லப்பா, ரொம்ப க்ளோஸா வந்துட்ட. அடுத்த மாசம் தட்டிடலாம்!" என்று தோளைத் தட்டுகிறார் மேனேஜர். தட்டுவதற்குச் செலவில்லை.

அடுத்த மாதம் கார்த்திகை. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் மலைக்குப் போய்த் திரும்பும்வரை முடியிலும் தாடியிலும் கத்தி வைக்கமாட்டார். ஆடியில் கல்யாணம் இல்லை. பிரைடல் மேக்கப்பும் இல்லை. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை என்று தலையில் கை வைக்கக்கூடாத நாட்கள் வருடம் முழுக்க வந்துகொண்டே இருக்கின்றன. வாடிக்கையாளர் விரதம் இருக்கிறார், முகூர்த்தம் ஓய்வெடுக்கிறது, கடை காற்று வாங்குகிறது. டார்கெட் மட்டும் மாலை போடுவதில்லை. கடைக்கு ஆள் வராததற்கான தண்டனையை நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர் அனுபவிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஊக்கத்தொகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஊக்கம் வராமலும் இல்லை. என்ன ஊக்கம் வருகிறது என்பதை அடுத்த முறை நாற்காலியில் உட்காரும்போது கவனியுங்கள். முடியை இரண்டு விரலால் தூக்கி, கண்ணாடி வழியே உங்களைப் பரிதாபமாகப் பார்த்து, "ரொம்ப டிரையா இருக்கு மேம்" என்பார். நேற்றுவரை நன்றாக இருந்த முடி சலூன் வாசலைத் தாண்டியதும் சாகக் கிடக்கிறது. 400 ரூபாய்க்கு வெட்டிக்கொள்ளப் போனவர் 6,000 ரூபாய் கெரட்டினோடு வெளியே வருகிறார். பொய் சொன்ன பிள்ளையைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவர் மூளைக்குள் 3,190 ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கெரட்டின் வகைகள் பலவற்றில், அயர்ன் வைத்து இழுக்கும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி கிளம்பும். வாடிக்கையாளர் அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவாசிக்கிறார். ஸ்டைலிஸ்ட், ஜன்னலே இல்லாத ஏசி அறையில், டார்கெட் முடியும்வரை சுவாசிக்கிறார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தபடி "ஷைன் பாருங்க மேம்" என்கிறார்.

அதே கடையில் குழந்தைக்கு முடி வெட்ட ஆள் கிடைக்காது: பில் சின்னது, அழுகை பெரியது. தலை அலசிவிட்டு, ஃபாயில் மடித்துக் கொடுத்து, கீழே விழுந்த முடியைக் கூட்டும் ஹெல்பர் பையன் எந்த பில்லிலும் வரமாட்டான். அவனுக்குச் சீப்பைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கவும் சீனியருக்கு மனம் வராது. இன்று கற்றுக்கொடுத்தால் நாளை அவனே தன் டார்கெட்டைத் தின்பான் என்று அவருக்குத் தெரியும்.

நிலையான சம்பளத்துக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை. சம்பளம் மட்டும் தரும் கடைகளில் ராத்திரி எட்டு மணிக்கு கலர் கேட்டுப் போனால் ஷேடு ஸ்டாக் இல்லை என்பார்கள். கைத்திறன் உள்ளவருக்கும் கத்தரியைத் தலைகீழாகப் பிடிப்பவருக்கும் ஒரே சம்பளம் என்றால், திறமையுள்ளவர் தீபாவளி போனஸ் கைக்கு வரும்வரைதான் இருப்பார். ஆனால் அங்கே யாரும் உங்கள் முடிக்குத் துக்கம் விசாரிப்பதில்லை. வெட்டச் சொன்னதை வெட்டுகிறார்கள். ஜூனியருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது.

தெருமுனை சலூனுக்கு இந்தத் தத்துவச் சிக்கல்கூட இல்லை. 150 ரூபாய் கட்டிங்கில் பாதி கடைக்கு, பாதி வெட்டியவருக்கு; அன்றைக்கே கையில் காசு. பங்கு முதல் தலையிலிருந்தே தொடங்குகிறது, கணக்கு இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிகிறது. ஆள் வராத நாளில் அவரும் வெறுங்கையோடுதான் போகிறார், அது கொடுமைதான். ஆனால் ஆள் வந்த நாளில் வெறுங்கையோடு போகச் சொல்ல கடைக்கார அண்ணனுக்கு எக்செல் தெரியாது.

சம்பளத்தையும் பங்கையும் சேர்த்தால் என்ன கெட்டுப்போகும்? கார்த்திகையிலும் அடுப்பெரிகிற அளவுக்குச் சம்பளம். அதன்மேல் முதல் ரூபாயிலிருந்து சின்னச் சதவீதம். அந்தச் சதவீதத்தில் ஹெல்பருக்கும் ஒரு பங்கு. அதே ஸ்டைலிஸ்டைத் தேடித் திரும்பி வருகிற வாடிக்கையாளருக்குக் கூடுதலாகக் கொஞ்சம்; அப்போது பொய் சொல்லி கெரட்டின் விற்பவர் நஷ்டப்படுவார். இதைச் சொன்னால் முதலாளி பதறுகிறார்: "கட்டுப்படியாகாது சார். ஏற்கெனவே பசங்க கஸ்டமர் நம்பரை எடுத்துட்டு ஓடுறாங்க." ஓடாமலிருக்க அவர் வைத்திருக்கும் வழி, ஒரிஜினல் சான்றிதழை வாங்கி பீரோவில் பூட்டுவதும், வேலையை விட்டபின் பக்கத்துக் கடையில் சேரமாட்டேன் என்று பாண்டில் கையெழுத்து வாங்குவதும். அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. மிசோரமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்து, முதலாளி பிடித்துக்கொடுத்த அறையில் எட்டுப் பேரோடு படுத்து, டிசம்பர் பீக் சீசன் என்பதால் கிறிஸ்துமஸுக்குக்கூட ஊருக்குப் போக முடியாத பிள்ளைக்கு அந்தப் பிரிவை யார் படித்துக் காட்டுவது?

முதலாளிக்குச் சதவீதக் கணக்கு புரியாமலும் இல்லை. ஃபிரான்சைஸ் எடுத்தவர் என்றால் பிராண்டுக்காரருக்கு ராயல்டி கட்டுகிறார், லாபமோ நஷ்டமோ, விற்பனையின் முதல் ரூபாயிலிருந்து. கடை மாலில் இருந்தால் குறைந்தபட்ச வாடகை ஒன்று உண்டு. விற்பனையில் பங்கு அதைவிட அதிகமாக வந்தால் அதைக் கொடுக்க வேண்டும். சுவருக்கு நிலையான சம்பளமும் உண்டு, கமிஷனும் உண்டு. அந்தச் சுவருக்குப் பசி இருக்கிறதா, ரீல்ஸ் பார்க்கிறதா என்று இவர் ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த மாதம் மால் ஆபீசுக்குப் போய், "வாடகையில் ஐந்து மடங்கு டார்கெட் வைத்திருக்கிறேன், அதைத் தாண்டினால் பத்து சதவீதம் தருகிறேன், இந்த மாதம் ரொம்ப க்ளோஸா வந்துட்டீங்க" என்று தோளைத் தட்டிவிட்டு வரட்டும் பார்க்கலாம்.