ஸ்ரீமான் கூட்டுப்பங்காளி

மாலை வேளையில் மல்லேஸ்வரத்துச் சம்பிகே ரோடில் நடப்பவர்கள், கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்க, மடிக்கணினி சுமக்கும் மூன்று சிநேகிதர்களுக்கு நடுநாயகமாக, தாம் மட்டும் ஒன்றும் சுமக்காமல் ஓயாது பேசிக்கொண்டு போகும் ஓர் இளைஞரை அவசியம் சந்தித்திருப்பார்கள். பொறியியல் இறுதியாண்டில் நால்வர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்து, ஒரே மதிப்பெண்ணை நால்வரும் அனுபவிக்கும் சம்பிரதாயம் உள்ளவரை அவருடைய வம்சம் தழைத்தோங்கும். ஸ்ரீமான் கூட்டுப்பங்காளி என்று அவரைச் சொல்லலாம்.

அவரைச் சோம்பேறி என்பது அபாண்டம். குழுவுக்கு வாட்ஸப் தொடங்கி அதற்குப் பெயர் சூட்டியவர் அவர். அறிக்கையின் முதல் பக்கத்தை மூன்று விதமான எழுத்துருக்களில் அலங்கரித்தவரும் அவரே. நிரல் எழுதும் பையன் இராப்பகலாய் உழைத்து ஒரே தடவையில் சேர்ப்பான்; இவரோ ஒரு காற்புள்ளியை நீக்கி ஒரு தடவையும், மறுபடி அதைப் போட்டு இன்னொரு தடவையுமாகச் சேர்ப்பார். ஆகவே `git shortlog -sn` என்று கேட்டால் பட்டியலின் சிரசில் இவர் பெயரே பிரகாசிக்கும். சர்க்யூட்டைப் பற்றவைத்துக் கைவிரல் சுட்டுக்கொண்டவனுக்கோ அந்தப் பட்டியலில் இடமே இராது.

அவர்கள் செய்தது, அடுக்குமாடி வீட்டு மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று கைப்பேசியில் காட்டும் கருவி. வழிகாட்டிப் பேராசிரியர் குழுவுக்கு 70 மதிப்பெண் என்று நிர்ணயித்துவிட்டு, தனித்தனியே அவரவர் பங்கு எத்தனை சதவீதம் என்று நால்வரையும் விசாரித்தார். கூட்டிப் பார்த்தால் 160 வந்தது! இதில் கபடம் ஏதுமில்லை. 1979-இல் ராஸ், சிகோலி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தம்பதிகளிடம் வீட்டுவேலையைப் பற்றி விசாரித்தபோதும் கணவன் கணக்கும் மனைவி கணக்கும் சேர்ந்து நூறைத் தாண்டவே செய்தன. தான் பட்ட பாடு ஞாபகத்துக்கு உடனே வருகிறது. பிறர் பட்ட பாட்டை நாம் பார்த்ததே பாதிதானே.

ஆகையால் பேராசிரியர் சுயமதிப்பீட்டைத் தள்ளிவைத்து, ஒவ்வொருவரும் தம்மை விலக்கி மற்ற மூவருக்கு 100 புள்ளிகளை ரகசியமாகப் பங்கிடும்படி சொன்னார். சமமாக உழைத்தவனுக்கு மூவரிடமிருந்தும் சேர்ந்து சுமார் 100 வரவேண்டும். நிரல்காரனுக்கு 129 வந்தது. நம் ஸ்ரீமானுக்கு 20, 15, 15 என்று 50. மதிப்பெண்ணில் பாதியான 35-ஐ எல்லோருக்கும் பொதுவாக விட்டு, மறுபாதியை மட்டும் இந்த விகிதத்தால் பெருக்கினால், நிரல்காரனுக்கு 80, ஸ்ரீமானுக்கு 52½. பாதியைத் தொடாமல் வைப்பதற்குக் காரணம் உண்டு: மூன்று சிநேகிதர்கள் ஒருவனிடம் மனஸ்தாபம் கொண்டால், முழுவதையும் விகிதத்திடம் ஒப்படைத்தவர் அவனைக் கழுவேற்றியவராவார். நால்வரும் முன்கூட்டியே பேசிவைத்துச் சமமாகப் போட்டுவிட்டால் இந்த யுக்தி பயனற்றது என்பதும் மெய்தான்.

பேராசிரியர் அத்துடன் நிற்கவில்லை. வாய்மொழித் தேர்வில், "சென்சாரைத் தொட்டியின் வாய்க்கு ஒரு சாணுக்கு மேலே தூக்கி மாட்டியிருக்கிறீர்களே, ஏன்?" என்று நிரல்காரனைக் கேட்டார். அவன் விழித்தான். மற்ற இருவரும் கூரையை ஆராய்ந்தார்கள்.

"நான் சொல்றேன் சார்," என்றார் ஸ்ரீமான். "முதல்ல போட்டது ஈரம் பட்டுக் கெட்டுப்போச்சு. எஸ்.பி. ரோடுக்குப் போய் ஈரம் தாங்குற சென்சார் நான்தான் வாங்கினேன். இருபது, இருபத்தஞ்சு சென்டிமீட்டருக்குள்ள தண்ணி வந்தா அதுக்குத் தெரியாது, தொட்டி நிறையும்போது தப்பாக் காட்டும், தூக்கி மாட்டுன்னு கடைக்காரர் சொன்னார் சார்."

கருவி பிழைத்தது அந்த ஒரு சாணால்தான். மற்றவர்கள் அதை 'கடைக்குப் போய்வந்தது' என்ற கணக்கில் எழுதி மறந்திருந்தார்கள். பேராசிரியர் உடனே, மின்சாரம் போய்த் திரும்பினால் பழைய அளவு எங்கிருந்து வருமென்று ஸ்ரீமானைக் கேட்டார். அதற்கு அவர் குழுவின் ஒற்றுமையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். முடிவில் பேராசிரியர் மற்றவர்களிடமிருந்து எதையும் கழிக்காமல், ஸ்ரீமானுக்கு மட்டும் 52½-ஐ 58 ஆக உயர்த்தி எழுதினார். இது தாட்சண்யம் என்பார்கள் சிலர். என் அபிப்பிராயத்தில், சகாக்களின் புள்ளிகளைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் சாட்சியமாகக் கொண்டு குறுக்கு விசாரணை நடத்தியவர் அவர் ஒருவர்தான்.

அன்று சாயங்காலம் மார்கோஸா ரோடு சி.டி.ஆரில் நால்வரும் பெண்ணெ தோசை சாப்பிட்டார்கள். பக்கத்து மேஜைக்காரரிடம் "எங்களுக்கு எழுபது" என்று ஸ்ரீமான் அறிவித்தார். பில் வந்ததும், இரண்டு தோசை தின்ற அவரே, "ஆளுக்குச் சமமாப் போட்டுடலாம்டா, கணக்குப் பார்க்கிறது அசிங்கம்" என்றார்.